மலேரியாவில் ரத்தச்சோகை: கிருமி தொடாத அணுக்கள் ஏன் அழிகின்றன, மஜ்ஜை ஏன் ஈடுகட்டுவதில்லை?

மலேரியாவில் ரத்தம் குறைவது, கிருமி அணுக்களை உடைப்பதால்தானே?

அது ஒரு பங்குதான், அதுவும் பெரும்பாலும் சின்னப் பங்கு. சிவப்பணுவுக்குள் நுழைந்த பால்சிபேரம் என்ற வகை மலேரியாக் கிருமி, உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினைத் தின்று வளர்ந்து, ஏறக்குறைய 48 மணி நேரத்தில் 16 முதல் 32 வரை குட்டிக் கிருமிகளாகப் பிரிகிறது. அப்புறம் அணு வெடிக்கிறது, குட்டிகள் அடுத்த அணுக்களுக்குள் போகின்றன. இந்த அழிவு கண்ணுக்குத் தெரிவது. பாடப்புத்தகங்களில் முதலில் வருவதும் இதுதான்.

ஆனால் ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்த நோயாளியின் ரத்தத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று அணுக்களில்தான் கிருமி இருக்கும். மீதி இழப்பு வேறு இரண்டு வழிகளில் நடக்கிறது. கிருமியே நுழையாத நல்ல அணுக்களையும் உடல் கூட்டம் கூட்டமாக வெளியேற்றிவிடுகிறது. அதே நேரத்தில், போனதற்கு ஈடாகப் புதிய அணுக்களை அனுப்ப வேண்டிய எலும்பு மஜ்ஜை மந்தமாகிவிடுகிறது. இந்த இரண்டையும் புரிந்துகொள்ளாமல் மலேரியா ரத்தச்சோகையைப் புரிந்துகொள்ள முடியாது. இங்கே பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

ரிப்போர்ட்டில் கிருமி 2 சதவீதம்தான். ஹீமோகுளோபின் மட்டும் 11-இலிருந்து 6-க்கு வந்துவிட்டது. கணக்கு இடிக்கிறதே?

இடிக்கத்தான் செய்யும். ஒரு மாதிரிக் குழந்தையை வைத்து அந்தக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். வயது மூன்று, எடை 12 கிலோ. காய்ச்சலுக்கு முன் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராம். ஐந்து நாள் காய்ச்சலுக்குப் பிறகு 6 கிராம், ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் இடத்தைச் சொல்லும் ஹெமடோக்ரிட் 18 சதவீதம். ரத்தப் படலத்தில் பால்சிபேரம் 2 சதவீதம்.

முதலில், வெடித்த அணுக்கள் எவ்வளவு இருக்கும்? ஒவ்வொரு சுற்றிலும் கிருமி எட்டு மடங்கு பெருகியது என்று வைத்தால், போன சுற்றில் கால் சதவீதம்தான் இருந்திருக்கும், அதற்கு முந்தைய சுற்றில் அதைவிடவும் மிகக் குறைவு. ஆனால் இதில் ஒரு மறைவு இருக்கிறது. பால்சிபேரத்தில் முதிர்ந்த கிருமியைச் சுமக்கும் அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, அதனால் விரலில் குத்தி எடுத்த துளியில் அவை வருவதில்லை. அதையும் சேர்த்து மொத்தம் 5 சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 11 கிராமில் 5 சதவீதம் என்றால் சுமார் அரை கிராம்.

அடுத்து மஜ்ஜை. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. அப்படியென்றால் தினமும் நூற்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான அணுக்கள் வயதாகிப் போகின்றன, அதே அளவு புதிதாக வருகின்றன. இந்த ஐந்து நாளும் மஜ்ஜை ஒரு அணுவைக்கூட அனுப்பவில்லை என்றே வைத்தாலும் இழப்பு 4, 5 சதவீதம். அதுவும் அரை கிராம்தான்.

இரண்டும் சேர்ந்து ஒரு கிராம். அதாவது குழந்தைக்கு இன்னும் 10 கிராம் இருந்திருக்க வேண்டும். இருப்பதோ 6. மீதி 4 கிராம், அதாவது ஆரம்பத்தில் இருந்த அணுக்களில் சுமார் 36 சதவீதம், கிருமி நுழையாமலேயே போயிருக்கிறது. கிருமி இருந்த ஒவ்வொரு அணுவுக்கும் கிருமி இல்லாத ஏழு அணுக்கள்.

இந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். நரம்பு வழியாக ஏற்றிய திரவம் ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்து ஹீமோகுளோபினைக் கொஞ்சம் குறைத்துக் காட்டியிருக்கலாம். காய்ச்சல் வருவதற்கு முன்பே பல வாரங்கள் குறைந்த அளவில் கிருமி இருந்திருக்கலாம். ஆனால் எப்படித் திருத்தினாலும் பெரும்பங்கு கிருமி இல்லாத அணுக்களின் பக்கமே விழுகிறது.

கிருமி இல்லாத அணுக்கள்தான் அதிகம் அழிகின்றன என்பதற்கு உண்மையான ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. பெனிசிலின் வருவதற்கு முன், மூளையைத் தாக்கிய சிஃபிலிஸுக்கு மருந்தாக மலேரியாவையே வேண்டுமென்று கொடுத்து வந்தார்கள். காய்ச்சலின் சூடு சிஃபிலிஸ் கிருமியை அடக்கும் என்பது எண்ணம். அந்த முறைக்காக வாக்னர்-யாவ்ரெக் 1927-இல் நோபல் பரிசு பெற்றார். இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் அந்த நோயாளிகளின் ரத்தத்தைத் தினமும் சோதித்து எழுதி வைத்த பதிவேடுகள் மிஞ்சின. கிருமி எப்போது நுழைந்தது, ஒவ்வொரு நாளும் எத்தனை அணுக்களில் இருந்தது, ரத்தம் எவ்வளவு குறைந்தது என்ற முழு வரிசையும் அவற்றில் கிடைக்கிறது. இயல்பாக நோய் வந்து மருத்துவமனைக்கு வருகிறவர்களிடம் இது கிடைக்காது.

பிற்காலத்தில் அந்தப் பதிவுகளைக் கணித மாதிரிகளில் பொருத்திப் பார்த்தார்கள். பால்சிபேரத்தில் கிருமி இருந்த ஒரு அணுவுக்குக் கிருமி இல்லாத 8.5 அணுக்கள் போயின என்று 1999-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியாவில் அது ஒன்றுக்குச் சுமார் 34 என்று 2003-இல் வந்த ஆய்வு சொன்னது. மேலே நாம் போட்ட மாதிரிக் கணக்கில் வந்த ஏழும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கிருமியே நுழையவில்லை என்றால் அந்த அணுவை உடல் ஏன் அழிக்கிறது?

இதற்கு ஒரே ஒரு காரணம் இல்லை, பல சேதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஆனால் முடிவில் எல்லாமே பெரும்பாலும் மண்ணீரலில் போய்த்தான் நிற்கின்றன. அதனால் அங்கிருந்து தொடங்குவது எளிது.

மண்ணீரலில் ரத்தம் ஓரிரு மைக்ரான் அகலமே உள்ள இடுக்குகள் வழியாகக் கசிந்துதான் மறுபக்கம் போக வேண்டும். சிவப்பணுவின் விட்டமோ 7 முதல் 8 மைக்ரான். நல்ல அணு நசுங்கி வளைந்து நுழைந்துவிடும். விறைத்துப்போன அணு மாட்டிக்கொள்ளும், அங்கே காத்திருக்கும் மேக்ரோபேஜ் என்ற காவல் அணு அதை விழுங்கிவிடும். சாதாரண நாட்களில் வயதான அணுக்களைப் பிரித்தெடுக்கும் சல்லடை இது.

மலேரியாவில் கிருமி இல்லாத அணுக்களும் விறைத்துப்போகின்றன. வெடித்த அணுக்களிலிருந்து கொட்டும், ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதியான ஹீமும், காய்ச்சலோடு வரும் ஆக்சிஜனேற்றச் சேதமும் அவற்றின் மேலுறையைக் கெடுக்கின்றன. தாய்லாந்தில் பால்சிபேரம் நோயாளிகளிடம் அணுக்கள் எவ்வளவு வளைந்து கொடுக்கின்றன என்று அளந்து பார்த்தபோது, விறைப்பு கூடக் கூட ரத்தச்சோகையும் கடுமையாக இருந்தது. அளந்த அணுக்களில் மிகப் பெரும்பாலானவை கிருமி இல்லாதவை.

அடுத்தது, அணுவின் மேல் ஒட்டிக்கொள்ளும் அடையாளங்கள். ஒரு குட்டிக் கிருமி ஒரு அணுவைத் தொட்டு, நுழையப் பார்த்து, தோற்றுப்போகலாம். அப்படிப் போகும்போது தன் புரதத்தில் கொஞ்சத்தை அந்த அணுவின் மேல் விட்டுவிடுகிறது. எதிர்ப்பொருள் அந்தப் புரதத்தைக் கண்டு ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்பொருள் ஒட்டிய இடத்தில், ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற நோயெதிர்ப்புப் புரதங்கள் படியும். மேக்ரோபேஜின் கண்ணுக்கு அது இப்போது விழுங்க வேண்டிய அணு. உள்ளே கிருமி இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.

காம்ப்ளிமென்ட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் சிவப்பணுவின் மேல் சிஆர்1, சிடி55 என்ற புரதங்கள் உண்டு. கடுமையான மலேரியா ரத்தச்சோகை வந்த குழந்தைகளின் அணுக்களில் இவை குறைந்திருப்பதை ஆப்பிரிக்க ஆய்வுகள் காட்டின. சின்னக் குழந்தைகளின் அணுக்களில் சிஆர்1 இயல்பிலேயே குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலேரியா அதிகம் பரவும் இடங்களில் மிகச் சிறிய குழந்தைகளே கடும் ரத்தச்சோகைக்கு ஆளாவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இதற்கெல்லாம் மேலாக, மேக்ரோபேஜே மாறிவிடுகிறது. தொற்றின் அழற்சிச் சமிக்ஞைகளால் தூண்டப்பட்டு, சாதாரண நாளில் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும் சின்னக் குறையுள்ள அணுவையும் விழுங்கத் தொடங்குகிறது. மண்ணீரலும் வீங்குகிறது, உள்ளே தங்கும் அணுக்களும் கூடுகின்றன. நாள்பட்ட மலேரியாவில் இப்படி மண்ணீரலில் தேங்கிப்போகும் நல்ல அணுக்களே ரத்தச்சோகைக்குப் பெரும் காரணமாகின்றன.

அப்படியென்றால் மண்ணீரல்தான் குற்றவாளியா? அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

வேண்டவே வேண்டாம். கிருமியுள்ள அணுக்களை வடிகட்டுவதும் அதே மண்ணீரல்தான். மண்ணீரல் இல்லாதவர்களுக்கு மலேரியா வந்தால் கிருமியின் எண்ணிக்கை மிக வேகமாக ஏறும், மருந்து கொடுத்த பிறகும் ரத்தத்திலிருந்து மெதுவாகத்தான் விலகும். நல்ல அணுக்களை இழப்பது, கிருமியைக் கட்டுக்குள் வைக்க உடல் கொடுக்கும் விலை.

இவ்வளவு அணுக்கள் போனால் எலும்பு மஜ்ஜை வேகமாக உற்பத்தி செய்து ஈடுகட்டாதா?

மற்ற ரத்த இழப்புகளில் ஈடுகட்டும். காயத்தில் ரத்தம் போனாலோ, பரம்பரைக் குறையால் அணுக்கள் உடைந்தாலோ, நலமான மஜ்ஜை சில நாட்களில் உற்பத்தியைப் பல மடங்கு கூட்டிவிடும். ரத்தத்தில் ரெட்டிகுலோசைட்டுகள், அதாவது மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளம் அணுக்கள், நிறையத் தெரியும்.

மலேரியாவில் அது நடப்பதில்லை. ஹீமோகுளோபின் 5, 6 என்று கிடக்கும்போதும் இளம் அணுக்கள் சொற்பமாகவே இருக்கின்றன. மலேரியா ரத்தச்சோகையை மற்ற அணுச்சிதைவு நோய்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான் என்பது என் எண்ணம். அழிவு மட்டும் இருந்தால் மஜ்ஜை சமாளித்துவிடும், உற்பத்திக் குறைவு மட்டும் இருந்தால் ரத்தம் மெதுவாகத்தான் இறங்கும். இரண்டும் ஒரே வாரத்தில் சேர்ந்து வருவதால்தான் சரிவு இவ்வளவு செங்குத்தாக இருக்கிறது.

1980-இல் அப்தல்லா, வெதரால், விக்ரமசிங்க முதலானோர் காம்பியாவில் பால்சிபேரம் வந்த குழந்தைகளின் மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தார்கள். சிவப்பணுவாக வேண்டிய முன்னோடி அணுக்கள் அங்கே இருந்தன. ஆனால் உருக்குலைந்திருந்தன. ஒரே அணுவில் இரண்டு மூன்று கருக்கள், பிரியாமல் மெல்லிய இழையால் இணைந்து நிற்கும் கருக்கள், துண்டு துண்டாகச் சிதைந்த கருக்கள். இப்படிப்பட்டவை முதிர்ந்து வெளியே வருவதற்கு முன் மஜ்ஜையிலேயே இறந்துவிடும். நாள்பட்ட, குறைந்த கிருமியுள்ள நோயில் இந்தக் கோளாறு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மஜ்ஜை நிறைய முன்னோடி அணுக்கள், வெளியே ரத்தத்திலோ இளம் அணுக்கள் இல்லை.

மஜ்ஜைக்கு "ரத்தம் குறைகிறது" என்ற தகவலே போகவில்லையா?

போகிறது. ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து மஜ்ஜையை முடுக்கும். மலேரியா ரத்தச்சோகை வந்த குழந்தைகளிடம் அளந்து பார்த்தால் இந்த ஹார்மோன் பெரும்பாலும் மிக அதிகமாகவே இருக்கிறது. வயது வந்தவர்களில் சில ஆய்வுகள் அது போதாமல் இருப்பதைக் கண்டிருக்கின்றன. குழந்தைகளைப் பொறுத்தவரை, கட்டளை வந்தும் மஜ்ஜையால் நிறைவேற்ற முடியவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

கட்டளை வந்தும் நிறைவேற்ற விடாமல் தடுப்பது எது?

முதலில் ஹீமோசோயின். கிருமி ஹீமோகுளோபினைத் தின்னும்போது ஹீம் மிஞ்சுகிறது. ஹீம் கிருமிக்கே நஞ்சு. அதனால் அதைக் கரையாத பழுப்புப் படிகமாக மாற்றித் தன்னுள் அடுக்கி வைத்துக்கொள்கிறது. அணு வெடிக்கும்போது அந்தப் படிகமும் வெளியே விழுகிறது. மோனோசைட்டுகளும் மேக்ரோபேஜ்களும் அதை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடியாமல் நீண்ட நாள் சுமக்கின்றன. மஜ்ஜையில் முன்னோடி அணுக்கள் ஒரு மேக்ரோபேஜைச் சுற்றி நின்றுதான் வளர்கின்றன. நடுவில் நிற்கும் அந்த மேக்ரோபேஜே ஹீமோசோயினால் நிறைந்துவிட்டால் சுற்றியுள்ள வளர்ச்சி கெடுகிறது. ஆப்பிரிக்கக் குழந்தைகளை வைத்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், ஹீமோசோயின் அதிகம் இருந்தவர்களிடம் இளம் சிவப்பணுக்கள் குறைந்திருந்தன. ஆய்வகத்தில் வளர்த்த முன்னோடி அணுக்களையும் அந்தப் படிகம் நேரடியாகவே தடுத்தது.

இரண்டாவது அழற்சி. டிஎன்எஃப், காமா இன்டர்ஃபெரான் போன்ற சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்கள் கிருமியை எதிர்க்கத் தேவை, ஆனால் அளவு மீறினால் முன்னோடி அணுக்களின் பெருக்கத்தைத் தடுக்கும். இவற்றை அடக்கி வைப்பது ஐஎல்-10. கானாவிலும் கென்யாவிலும் பார்த்தபோது, கடும் ரத்தச்சோகை வந்த குழந்தைகளிடம் டிஎன்எஃப் அளவோடு ஒப்பிட்டால் ஐஎல்-10 குறைவாக இருந்தது.

மூன்றாவது இரும்பு. அழற்சியின் போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு உள்ளே வருவதையும், மேக்ரோபேஜில் இருக்கும் இரும்பு வெளியே போவதையும் அடைத்துவிடும். மண்ணீரல் விழுங்கிய அத்தனை அணுக்களின் இரும்பும் உடலுக்குள்ளேயேதான் இருக்கிறது, ஆனால் மஜ்ஜைக்கு எட்டாது.

ரெட்டிகுலோசைட் 3 சதவீதம் என்று வந்திருக்கிறது. நார்மலைவிட அதிகம்தானே? மஜ்ஜை நன்றாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. பலரும் தடுமாறும் இடம் இதுதான். அந்தச் சதவீதம் மிச்சமிருக்கும் சிவப்பணுக்களில் எத்தனை இளையவை என்று சொல்கிறது. மொத்தமே பாதியாகிவிட்டால், உற்பத்தி கூடாமலேயே சதவீதம் இரட்டிப்பாகத் தெரியும். இன்னொன்று, ரத்தம் குறைந்திருக்கும்போது மஜ்ஜை இளம் அணுக்களை வழக்கத்துக்கு முன்பே வெளியே விட்டுவிடும். அவை ரத்தத்தில் ஒரு நாளுக்குப் பதில் இரண்டு, இரண்டரை நாள் இளமையாகவே சுற்றும். அதனால் ஒரே அணுவை இரண்டு முறை எண்ணுவது போலாகிவிடும்.

இரண்டையும் திருத்த வேண்டும். மேலே பார்த்த குழந்தைக்கே 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஹெமடோக்ரிட் 18, இயல்பு 45 என்று எடுத்தால், 3-ஐ 18-ஆல் பெருக்கி 45-ஆல் வகுக்க 1.2. இந்த அளவு ரத்தச்சோகைக்கு இளமைக் காலம் சுமார் இரண்டரை நாள், அதனால் மறுபடி 2.5-ஆல் வகுக்க ஏறக்குறைய 0.5. நலமாக இருப்பவரிடம் இது 1. இவ்வளவு ரத்தச்சோகைக்கு நன்றாக ஈடுகொடுக்கும் மஜ்ஜை 2, 3-க்கு மேல் காட்ட வேண்டும். இந்தக் குழந்தையின் மஜ்ஜை நலமான நாளில் செய்யும் வேலையில் பாதியைத்தான் செய்கிறது.

எந்திரம் ரெட்டிகுலோசைட்டின் நேரடி எண்ணிக்கையைக் கொடுத்தால் முதல் திருத்தம் தேவைப்படாது. ஆனால் ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்த மாதிரியில் இந்தக் கணக்கு செல்லாது. ஏற்றிய அணுக்களும் அதில் கலந்துவிடும்.

வைவாக்ஸ் லேசான மலேரியா, கிருமியும் கொஞ்சம்தான் என்கிறார்கள். அதில் ஏன் இவ்வளவு ரத்தச்சோகை?

வைவாக்ஸ் பெரும்பாலும் இளம் அணுக்களுக்குள்தான் நுழைய முடியும். அவை ரத்தத்தில் நூற்றுக்கு ஒன்று இரண்டு என்பதால் கிருமியின் அளவும் 2 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். அதைப் பார்த்து ஆபத்தில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் இதில்தான் ஒன்றுக்கு 34 என்ற கணக்கு வருகிறது. தாக்குவது இளம் அணுக்களையே என்பதால் மஜ்ஜை புதிதாக அனுப்புவதிலும் அடி விழுகிறது. இந்தோனேசியாவின் பப்புவாவில், காயத்தாலோ வேறு காரணத்தாலோ எடுக்கப்பட்ட மண்ணீரல்களை ஆராய்ந்தபோது, நோய் அறிகுறியே இல்லாதவர்களிடமும் வைவாக்ஸ் கிருமிகளில் மிகப் பெரும்பங்கு ரத்தத்தில் இல்லாமல் மண்ணீரலில் தங்கியிருந்தது தெரிந்தது. ஆக, விரல்நுனி ரத்தத்தில் தெரியும் எண்ணிக்கை உண்மையான அளவே அல்ல.

அதோடு கல்லீரலில் உறங்கும் கிருமிகள் வாரங்கள், மாதங்கள் கழித்துத் திரும்ப எழும். முந்தைய இழப்பிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்துவிடும். அந்த உறங்கும் கிருமிகளை ஒழிக்கக் கொடுக்கும் பிரைமாகுவின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அதுவே அணுக்களை உடைக்கும். அதனால் அந்தப் பரிசோதனை முதலில்.

மருந்து கொடுத்து மூன்று நாளில் கிருமி போய்விட்டது. ஆனால் ஹீமோகுளோபின் இன்னும் இறங்குகிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

கிருமி போயிருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. சேதமான, அடையாளம் ஒட்டிய அணுக்கள் இன்னும் ரத்தத்தில் சுற்றுகின்றன, விழிப்பேறிய மேக்ரோபேஜ் ஒரே நாளில் அடங்குவதில்லை. மஜ்ஜைக்கும் மீண்டு வர நேரம் வேண்டும். அதனால் சிகிச்சை தொடங்கிய பிறகு முதல் சில நாட்களில் ஹீமோகுளோபின் தன் மிகக் குறைந்த அளவைத் தொடுவது வழக்கம்.

நம் மாதிரிக் குழந்தை இப்படிப் போகலாம். மூன்றாம் நாள் கிருமி இல்லை, ஹீமோகுளோபின் 5.2. ஏழாம் நாள் 5.8, ஹெமடோக்ரிட் 17, ரெட்டிகுலோசைட் 12 சதவீதம். அதே திருத்தத்தைச் செய்தால் 1.8 வருகிறது. 0.5-இலிருந்து மூன்று மடங்குக்கும் மேல், அதாவது தடை விலகிவிட்டது. அதன்பின் ஆறு வாரத்துக்குள் பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். ஏழாம் நாளிலும் இளம் அணுக்கள் ஏறவே இல்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். கிருமி முழுதாகப் போகவில்லையா, பாக்டீரியா தொற்று ரத்தத்தில் கலந்திருக்கிறதா, கொக்கிப்புழுவால் ரத்தம் கசிகிறதா, ஃபோலிக் அமிலமோ பி12-ஓ குறைவா, இல்லை எச்ஐவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆர்டிசுனேட் ஊசி போட்டு நன்றாகி வீட்டுக்கு வந்தவருக்கு இரண்டு வாரம் கழித்துச் சிறுநீர் கறுத்துப் போகிறது, ஹீமோகுளோபின் சரிகிறது. மலேரியா திரும்பிவிட்டதா?

அதைப் படலத்தில் பார்த்து உறுதிசெய்யத்தான் வேண்டும். ஆனால் கிருமி இல்லையென்றால், ஆர்டிசுனேட்டுக்குப் பின் தாமதமாக வரும் அணுச்சிதைவாக இருக்கலாம். பொதுவாக சிகிச்சை தொடங்கி ஒரு வாரம் கடந்தபின் தெரியத் தொடங்கும்.

இது மருந்தின் வெற்றியிலிருந்தே வருகிறது. ஆர்டிசுனேட், கிருமி வளைய வடிவில் இருக்கும் இளம் பருவத்திலேயே அதைக் கொன்றுவிடுகிறது. மண்ணீரல் இடுக்கில் அணு நுழையும்போது செத்த கிருமி மட்டும் பின்தங்கிப் பிடுங்கப்படுகிறது, அணு முழுதாக மறுபக்கம் வந்து சுற்றுகிறது. அந்த நேரத்துக்கு அது லாபம், நோயாளியின் ஹீமோகுளோபின் சட்டென்று விழாமல் தாங்குகிறது. ஆனால் கிருமி இருந்து போன அந்த அணுவின் ஆயுள் குறுகியது. ஒரே நேரத்தில் இப்படி மீட்கப்பட்ட அணுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாகின்றன. ஆரம்பத்தில் கிருமி மிக அதிகமாக இருந்தவர்களுக்கு, முன்பு மலேரியா வந்திராதவர்களுக்கு இது அதிகம். அதனால்தான் ஊசி மருந்துக்குப் பிறகு நான்கு வாரம் வரை வாரம் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்கிறார்கள். இதற்குப் பயந்து ஆர்டிசுனேட்டைத் தவிர்ப்பது பெரிய தவறு. கடும் மலேரியாவில் உயிர் காப்பது அதுதான்.

ரத்தம் எப்போது ஏற்ற வேண்டும்?

எண் மட்டும் முடிவு செய்வதில்லை. மூச்சுத் திணறல், சோர்ந்து நினைவு மங்குதல், இதயம் திணறும் அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கக் கூடாது. கடும் மலேரியா ரத்தச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது 12 வயதுக்குள் 5 கிராமுக்குக் குறைவு, பெரியவர்களுக்கு 7-க்குக் குறைவு.

உகாண்டாவிலும் மாலாவியிலும் நடந்து 2019-இல் வெளிவந்த டிராக்ட் என்ற பெரிய ஆய்வில், ஹீமோகுளோபின் 4-க்கும் 6-க்கும் இடையில் இருந்து ஆபத்து அறிகுறி இல்லாத குழந்தைகளுக்கு உடனே ரத்தம் ஏற்றினாலும், கண்காணித்துத் தேவைப்பட்டால் ஏற்றினாலும் இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு மலேரியா இருந்தது. ஆனால் காத்திருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பின்னால் ரத்தம் தேவைப்பட்டது. முதல் நாள் எண் கடைசி எண் அல்ல என்பதால், "இப்போது வேண்டாம்" என்று முடிவெடுத்தால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையையும் ஹீமோகுளோபினையும் திரும்பப் பார்க்க முடிந்திருக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாத இடத்தில் இந்த முடிவு பொருந்தாது.

ரத்தம் குறைந்திருக்கிறதே, இரும்பு மாத்திரையை உடனே ஆரம்பிக்கலாமா? ஃபெரிட்டின் வேறு அதிகமாக இருக்கிறது, குழப்பமாக இருக்கிறது.

ஃபெரிட்டின் உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் புரதம், ஆனால் அழற்சியில் தானாகவே ஏறும். காய்ச்சல் நேரத்தில் அது அதிகமாக இருந்தால் இரும்பு போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தமில்லை. குறைவாக இருந்தால்தான் அது நம்பத்தக்க தகவல், இரும்புக் குறை உறுதி.

மாத்திரையைப் பொறுத்தவரை, ஹெப்சிடின் உயர்ந்திருக்கும் நாட்களில் கொடுத்த இரும்பில் பெரும்பகுதி குடலிலிருந்து உள்ளே போகாது. உகாண்டா குழந்தைகளிடம் மலேரியா சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்ததையும் நான்கு வாரம் கழித்துக் கொடுத்ததையும் ஒப்பிட்டபோது, தள்ளிக் கொடுத்தபோது உறிஞ்சப்பட்ட இரும்பு அதிகம். இரும்புக் குறை இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மலேரியாவை முதலில் முடித்து, அழற்சி அடங்கிய பிறகு ஆரம்பிப்பது அதனால் பொருத்தமானது.

இன்னொரு காரணமும் உண்டு. அப்போது மலேரியா மிக அதிகம் பரவிய, தான்சானியாவின் பெம்பா தீவில் சிறு குழந்தைகள் எல்லோருக்கும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்த ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவு நோயும் இறப்பும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டு 2006-இல் வெளியானது. அங்கேயே நுணுகிப் பார்த்தபோது, உண்மையில் இரும்புக் குறை இருந்த, மலேரியாவுக்கு உடனுக்குடன் சோதனையும் சிகிச்சையும் கிடைத்த குழந்தைகளுக்குப் பலனே இருந்தது. ஆகவே தொற்று இன்னும் அடிக்கடி வரும் இடத்தில், மலேரியாவைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் வழி இல்லாமல் இரும்பு மட்டும் கொடுப்பது சரியல்ல. மலேரியா போய், ரெட்டிகுலோசைட் ஏறி, ஹீமோகுளோபின் தானாகவே உயர்ந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு மஜ்ஜை ஏற்கனவே வேலை செய்கிறது. நான்கு வாரத்தில் ஒருமுறை ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்த்து, குறை தெரிந்தால் அப்போது தொடங்கினால் போதும்.